'இலையைக் கொதிநீரில் இடப்பட்டது': செய்முறையை மாற்றி எழுதும்போது வரும் தவறுகள்

ஏவலில் இருக்கும் ஒரு செய்முறையைக் கொடுத்து, செயப்பாட்டுவினையில் மாற்றி எழுதச் சொல்கிறோம். தாள்களைத் திருத்தும்போது என் சிவப்பு மை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தீர்கிறது. இலையில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம்:

"ஓர் இலையைப் பறித்துக் கொதிநீரில் இடவும். பிறகு அதை ஆல்கஹால் உள்ள சோதனைக்குழாயில் போட்டு, குழாயை வெந்நீரில் வைக்கவும். ஆல்கஹாலை நேரடியாகத் தீயில் சூடுபடுத்த வேண்டாம். இலை வெளிறியதும் அதைக் கழுவி, அதன்மேல் அயோடின் கரைசலைச் சில துளி விடவும்."

முதல் வாக்கியத்துக்கு வழக்கமாக வரும் விடை: "ஓர் இலையைப் பறித்துக் கொதிநீரில் இடப்பட்டது." வினைமுற்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டாயிற்று. ஏவலில் 'நீ' என்ற எழுவாய் மறைந்து நிற்கிறது, இலை செயப்படுபொருள். செயப்பாட்டுக்கு வந்ததும் இலையே எழுவாய் ஆகிவிடுகிறது. எழுவாய்க்கு 'ஐ' உருபு கிடையாது. 'பறித்து' என்ற எச்சமும் மாற வேண்டும், ஏனென்றால் இலை எதையும் பறிக்கவில்லை. ஆகவே "ஓர் இலை பறிக்கப்பட்டுக் கொதிநீரில் இடப்பட்டது." பல இலைகள் என்றால் 'இடப்பட்டன'.

இதைப் பிடித்துக்கொண்டவர்கள் அடுத்த வாக்கியத்தில் சறுக்குகிறார்கள். "அது சோதனைக்குழாயில் போடப்பட்டு, குழாய் வெந்நீரில் வைக்கப்பட்டது" என்று எழுதுகிறார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் போடப்பட்டது இலை, வைக்கப்பட்டது குழாய். ஏவலில் போடுபவரும் வைப்பவரும் ஒருவரே, அதனால் 'போட்டு' என்ற எச்சம் இரண்டையும் இயல்பாகக் கோத்தது. செயப்பாட்டில் எழுவாய் இரண்டாகப் பிரிகிறது. எச்சத்தை விட்டுவிட்டு இரண்டு வாக்கியமாக எழுதிவிடுவதே தெளிவு: "பிறகு அது ஆல்கஹால் உள்ள சோதனைக்குழாயில் போடப்பட்டது. குழாய் வெந்நீரில் வைக்கப்பட்டது." கடைசி வாக்கியத்திலும் இதே கண்ணி இருக்கிறது: கழுவப்படுவது இலை, விடப்படுவது கரைசல். அங்கே 'வெளிறியதும்' மட்டும் மாறாது. இலை தானாக வெளிறுகிறது, யாரும் அதை வெளிறவில்லை.

தானாக நடப்பதையும் நாம் செய்வதையும் குழப்புவது தனிப் பிரச்சினை. 'நீர் கொதிக்கப்பட்டது', 'உப்பு கரையப்பட்டது', 'நிறம் மாறப்பட்டது' என்றெல்லாம் எழுதுகிறார்கள். வினையின் முன் 'எதை?' என்று கேட்டுப் பார்த்தால் போதும். 'எதைக் கொதித்தாய்?' என்று யாரும் கேட்பதில்லை, 'எதைக் கொதிக்கவைத்தாய்?' என்று கேட்கலாம். பதில் வரும் வினையோடுதான் 'படு' சேரும்: நீர் கொதிக்கவைக்கப்பட்டது, உப்பு கரைக்கப்பட்டது. 'உப்பு கரைந்தது' என்பதும் பிழையில்லை, ஆனால் அது காணலில் எழுத வேண்டியது. நாம் கலக்கியதை அது சொல்லாது. இலை அயோடின் பட்டு நீலக்கருப்பானதும் அப்படித்தான். 'இலை நீலக்கருப்பாக மாறியது' என்றே எழுதலாம். செய்முறை முழுக்கச் செயப்பாட்டில் இருக்கிறதே என்று 'மாற்றப்பட்டது' ஆக்கினால், யாரோ சாயம் பூசியது போல ஆகிவிடும்.

'10 நிமிடம் காத்திருக்கவும்' போன்றவை வந்தால் திணறுவார்கள். காத்திரு என்பதற்குச் செயப்படுபொருள் இல்லாததால் 'காத்திருக்கப்பட்டது' ஒட்டாது. என்ன பொருள் அந்த நேரத்தில் சும்மா இருந்ததோ அதை எழுவாயாக்கிவிடலாம்: "கரைசல் 10 நிமிடம் அப்படியே விடப்பட்டது."

சிலர் 'மாணவரால் இலை பறிக்கப்பட்டது' என்று ஆலுருபையும் சேர்ப்பார்கள். இலக்கணப்படி சரிதான். ஆனால் செய்முறைக் குறிப்பில் பறித்தது யார் என்பது யாருக்கும் வேண்டாத தகவல்.

மீதி இருப்பது எச்சரிக்கை வாக்கியம். ஆல்கஹால் சுமார் 78 டிகிரி செல்சியசில் கொதிக்கும், அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அதனால்தான் வெந்நீரில் வைத்துச் சூடாக்குகிறோம். "ஆல்கஹாலை நேரடியாகத் தீயில் சூடுபடுத்த வேண்டாம்" என்பதைப் பலரும் "ஆல்கஹால் நேரடியாகத் தீயில் சூடுபடுத்தப்படவில்லை" என்று மாற்றுகிறார்கள். அப்போது எச்சரிக்கை போய்ச் செய்திதான் மிஞ்சுகிறது: நாங்கள் அப்படிச் செய்யவில்லை, அவ்வளவே. 'சூடுபடுத்தப்பட வேண்டாம்' என்ற கலப்பும் சரிப்படாது, ஆல்கஹாலுக்கே அறிவுரை சொல்வது போல இருக்கும். ஏவலுக்குக் காலம் கிடையாது, 'பட்டது' என்பதற்கு இறந்தகாலம் உண்டு. எனவே மாற்றி எழுதுவதற்கு முன் வினாவைப் பார்க்க வேண்டும். செய்து முடித்ததைப் பதிவேட்டில் எழுதச் சொன்னால் 'இடப்பட்டது', 'சூடுபடுத்தப்படவில்லை'. பிறர் செய்வதற்கான குறிப்பாகவே இருக்க வேண்டும் என்றால் 'இடப்பட வேண்டும்', 'சூடுபடுத்தப்படக் கூடாது'. பாதி அப்படி, பாதி இப்படி எழுதினால், படிப்பவருக்கு எது நடந்து முடிந்தது, எதை இனிமேல் செய்ய வேண்டும் என்று தெரியாது.