செயின்சாவில் பழைய இன்ஜின் ஆயில்: நானும் செய்த தவறு

போன வாரம் ஒரு தம்பி, பைக்கின் பின்சீட்டில் செயின்சாவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"அண்ணே, மட்டமான செயினைத் தலையில கட்டிட்டாங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை லூசாகுது. மரத்துல வச்சா புகை வேற வருது."

செயினைப் பார்க்கவில்லை. ஆயில் டேங்க் மூடியைத் திறந்து விரலை விட்டேன். விரல் மை தொட்டதுபோல் வெளியே வந்தது.

"எந்தப் பட்டறை ஆயில் தம்பி?"

"நம்ம டூ வீலர் பட்டறைதாண்ணே. சும்மாவே குடுக்குறாங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவர்மேல் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்துபோன பிறகு, பட்டுக்கோட்டைப் பக்கம் விழுந்து கிடந்த தென்னைகளை அறுக்க நான் முதல்முறையாக மெஷின் வாங்கினேன். அப்போது நானும் ஒரு பட்டறையிலிருந்து ஐந்து லிட்டர் கேனில் இதே ஆயிலைத்தான் வாங்கி வந்து ஊற்றினேன். அந்த வேலை முடிவதற்குள் செயின் ஓடும் தகடான பார் ஒன்று, இரண்டு செயின், ஒரு ஆயில் பம்ப் போய்விட்டன. சும்மா கிடைத்த ஆயிலுக்கு நான் கொடுத்த விலை அது.

கூலிங் கிளாஸ் போடாமல் அறுப்பது, மொட்டைச் செயினை வைத்து அழுத்துவது போன்றவற்றை மெஷின் விற்பவரே சொல்லிவிடுவார். இந்த ஆயில் விஷயத்தைத்தான் யாரும் காரணத்தோடு சொல்வதில்லை.

பழைய இன்ஜின் ஆயிலைப் பார் ஆயிலாக ஊற்றுவது

செயின்சாவில் ஆயில் எங்கே போகிறது என்று ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். கிளட்ச் பக்கத்தில் உள்ள சின்னப் பம்ப் டேங்கிலிருந்து ஆயிலை இழுத்து, பார் மெஷினோடு சேரும் இடத்தில் உள்ள ஒரு துளை வழியாக, பாரின் விளிம்பில் ஓடும் பள்ளத்துக்குள் விடுகிறது. பள்ளத்தில் ஓடும் செயினின் அடிப்பற்களான டிரைவ் லிங்க்குகள் அதை வாரிக்கொண்டு மேல்பக்கமாகப் பாரின் நுனியான மூக்குவரை போய், மூக்கைச் சுற்றி, கீழ்ப்பக்கமாகத் திரும்பி வருகின்றன. பெரும்பாலும் நாம் மரத்தில் அழுத்துவது கீழ்ப்பக்கத்தை. அதாவது ஆயில் அதிகம் தேவைப்படும் இடத்துக்கு, மூக்கைத் தாண்டிய பிறகுதான் அது வந்து சேருகிறது.

அந்த மூக்கில்தான் பிரச்சினை. முக்கால் அங்குலத்துக்கு ஒரு டிரைவ் லிங்க் உள்ள சாதாரணச் செயின், அதைச் சுழற்றும் ஏழு பல் ஸ்ப்ராக்கெட், நிமிடத்துக்கு 9,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் செயின் வினாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடுகிறது. 18 அங்குலப் பாரில் செயினின் மொத்த நீளம் சுமார் 1.2 மீட்டர். ஆக ஒவ்வொரு கண்ணியும் வினாடிக்குப் பதினாறு தடவை அந்த வளைவில் திரும்புகிறது. ஈரத் துணியை விசிறினால் தண்ணீர் சிதறுவதுபோல் ஆயில் வெளியே சிதறப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் பார் ஆயிலில் ஒட்டும் பொருள் சேர்க்கிறார்கள். ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாகப் பிரித்தால், குலாப் ஜாமூன் பாகுபோல் நூல் இழுக்கும். பழைய இன்ஜின் ஆயிலை வைத்துப் பிரித்தால் உடனே அறுந்துவிடும். அந்தத் தம்பிக்கு முதலில் இதைத்தான் செய்து காட்டினேன்.

இன்ஜின் ஆயிலுக்கு நூல் இழுக்க வேண்டிய அவசியம் இல்லை. மூடிய பெட்டிக்குள் பம்ப் அழுத்தத்தில் சுற்றிச் சுற்றி வருவதற்காகச் செய்த ஆயில் அது. எங்கும் தெறித்துப் போகாது. புது இன்ஜின் ஆயிலுக்கே இந்தக் குறை உண்டு. பழசில் இன்னும் கூடும். வண்டியில் ஓடிய காலத்தில் பெட்ரோல் கசிந்து கலந்து அது நீர்த்துப் போயிருக்கும். கரி, தேய்ந்த இரும்புத்தூள், அமிலம் எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கும்.

"நான் துணியில வடிகட்டித்தாண்ணே ஊத்துறேன்" என்றார் தம்பி. எல்லோரும் சொல்வது இது. நானும் அம்மாவின் பழைய வாயில் சேலையை நாலாய் மடித்து வடிகட்டினேன். கேனை ஒரு வாரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுக்கவும் பார்த்தேன். தெளியவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. இன்ஜினுக்குள் கசடு படியக் கூடாது என்பதற்காக, அழுக்கைத் தன்னுள்ளேயே மிதக்கவைக்கும் சரக்கு இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கிறது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதனால்தான் கரி அடியில் தங்குவதில்லை. தேய்ந்த உலோகத் துகளில் பெரும்பகுதி துணியின் கண்ணைவிடப் பல மடங்கு சின்னது. வடிகட்டியதில் நின்றது இரண்டு எறும்பும் கொஞ்சம் மணலும்தான்.

அந்தத் துகள் செயினில் எங்கே போகிறது? ஒவ்வொரு கண்ணியையும் இணைக்கும் ரிவெட்டுக்குள். வெறும் எண்ணெய்ப் படலம் இருக்க வேண்டிய இடத்தில் அரைக்கும் பசை போய் உட்காருகிறது. 'செயின் நீளுது' என்று சொல்கிறோமே, இரும்பு ஒன்றும் இழுபடுவதில்லை. 64 டிரைவ் லிங்க் உள்ள செயினில் 128 ரிவெட். ஒவ்வொன்றிலும் 0.05 மில்லிமீட்டர், அதாவது மெல்லிய தலைமுடி அளவு, தேய்ந்தால் போதும். மொத்தச் செயின் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை லூசாகும் செயினின் கதை இதுதான். கடைக்காரர்மேல் தப்பில்லை.

சரி, மெஷினைப் பிரித்தோம். கிளட்ச் கவரைக் கழற்றியதும் உள்ளே மரத்தூளும் கருப்பு ஆயிலும் சேர்ந்து, வெயிலில் காய்ந்த சாணம்போல் கெட்டியாகப் பிடித்திருந்தது. பாரின் ஆயில் துளை முழுக்க அடைப்பு. கீழ் விளிம்பில் விரல்நகத்தை ஓட்டினால் பிசிறு குத்தியது. மூக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இரும்பு நீலம் பாய்ந்திருந்தது. நீலம் என்றால் சூடு: ஆயில் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசிய இடம். செயினைக் கையில் எடுத்து ஒவ்வொரு கண்ணியாக மடக்கிப் பார்த்தபோது மூன்று கண்ணிகள் மடங்கவே மறுத்தன.

டேங்குக்குள் ஆயில் இழுக்கும் குழாயின் நுனியில் ஒரு சின்ன வடிகட்டி இருக்கும். கொக்கிக் கம்பியால் அதை வெளியே எடுத்தால், தார் பூசிய பஞ்சுபோல் வந்தது. பம்புக்கு ஆயிலே போகவில்லை. பம்பைச் சுழற்றும் வார்ம் கியர் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் பல்லும் மழுங்கியிருந்தது. அப்புறம், பாரின் பக்கவாட்டில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒரு வெட்டும் பல்லோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தோம். நல்ல பாரில் ஸ்கேலுக்கும் பாருக்கும் நடுவே சன்னமாக இடைவெளி தெரிய வேண்டும். இதில் தெரியவில்லை, பள்ளம் அகன்று செயின் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. வெட்டு கோணலாகப் போனதற்கும் இதுதான் காரணம்.

டேங்கை இரண்டு தடவை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினோம். வடிகட்டி, வார்ம் கியர், பார், செயின் எல்லாம் புதுசு. ஸ்ப்ராக்கெட்டும் மாற்றினேன், தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும். பார் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து, பழைய அட்டைப்பெட்டி ஒன்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மூக்கைப் பிடித்து, முக்கால் திராட்டில் சில வினாடி ஓட்டச் சொன்னேன். அட்டையில் ஒரு கோடாக ஆயில் பொட்டுகள் விழுந்தன. இந்தக் கோடு விழவில்லை என்றால் மரத்தில் மெஷினை வைக்காதீர்கள். அட்டையிலோ மண்ணிலோ செயின் படவும் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பார் ஆயில் சுற்றி மறுபடி டேங்குக்கு வருவதில்லை. ஊற்றியது முழுக்க வெளியேதான் போகிறது. ஒரு டேங்க் பெட்ரோல் தீர்வதற்குள் கிட்டத்தட்ட ஒரு டேங்க் ஆயில் மரத்தூளிலும், மண்ணிலும், உங்கள் கை, கழுத்து, மூக்கிலும் தெறித்திருக்கும். பெட்ரோல் இன்ஜினில் ஓடிய ஆயிலைச் சுண்டெலிகளின் தோலில் தடவிப் பார்த்த ஆய்வுகளில் தோல் புற்றுக் கட்டிகள் வந்திருக்கின்றன. இந்தியாவின் 2016 அபாயக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடக்கம்; அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் அது போக வேண்டும். நான் அதைக் கிணற்று மேட்டில் நின்று நாள் முழுக்கத் தெளித்துக்கொண்டிருந்தேன்.

பார் ஆயில் கிடைக்காத நாளில்

அவசரத்துக்குப் புது இன்ஜின் ஆயில், எஸ்.ஏ.இ. 30 அல்லது 40, ஊற்றலாம். சிதறல் அதிகம் என்பதால் பம்பில் ஆயில் திருகு இருந்தால் கூட்டிவையுங்கள்; அட்டைச் சோதனையை அடிக்கடி செய்யுங்கள். ஓரிரு நாள் தாங்கும்.

தேங்காய் எண்ணெயைச் சிலர் கேட்கிறார்கள். தோப்பில் நிற்பவனுக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் எங்கள் ஊரிலேயே பாட்டிலில் வெள்ளையாக நிற்கும். கொடைக்கானலில் கேட்கவே வேண்டாம். உறைந்ததைப் பம்ப் இழுக்காது. கடலை எண்ணெய் உறையாது, ஆனால் மெஷினை ஒரு மாதம் ஓட்டாமல் வைத்தால் பிசினாகிச் செயினை ஒட்டிவிடும்.

டூ-டி ஆயில்

பெட்ரோலில் கலப்பதற்கு. பாருக்கு மெலிசு.

கிரீஸ்

பம்ப் இழுக்காது.

பெட்ரோலை நிரப்பி ஆயிலை மறப்பது

இரண்டு மூடியையும் ஒன்றாகத் திறந்து பழகுங்கள். பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்க் நிறைந்தே இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், எங்கோ அடைப்பு.

பாரைத் திருப்பாமல் ஓட்டுவது

கீழ் விளிம்பு மட்டும் தேயும். ஒவ்வொரு முறை செயினுக்கு அரம் போடும்போதும் பாரைத் தலைகீழாக மாற்றிப் போடுங்கள். மாற்றும்போதே, உடைந்த ஆக்சா பிளேடு துண்டால் பள்ளத்தைச் சுரண்டி, ஆயில் துளையில் கம்பி விட்டு எடுத்துவிடுங்கள்.

சூட்டில் இறுக்கிய செயினை அப்படியே விட்டுப் போவது

ஆறினால் செயின் சுருங்கும், பாரை இறுக்கிப் பிடிக்கும். வேலை முடிந்ததும் தளர்த்துங்கள்.

தம்பி கிளம்பும்போது, வீட்டில் இன்னும் அரை கேன் பழைய ஆயில் இருக்கிறது, வேலிக்கால் மரத்தில் கரையானுக்குப் பூசலாமா என்று கேட்டார். அதுவும் மண்ணில்தான் இறங்கும், பட்டறையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். "அவங்க வாங்கிப்பாங்களாண்ணே?" என்றார். டிரம்மில் சேர்த்து விற்பவர்கள், வாங்கிக்கொள்ளாமல் என்ன?