ஒரே மதிப்பு பலமுறை வந்தால் குவிக்சார்ட் ஏன் திணறுகிறது? மூன்றாகப் பிரிக்கும் முறை, படிப்படியாக

ஒரு லட்சம் மாணவர்களின் கணக்குப் பாட மதிப்பெண்களை வரிசைப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பேர் லட்சம் என்றாலும் மதிப்பெண் 0 முதல் 100 வரைதான். அதாவது மொத்தம் 101 மதிப்புகளே உண்டு. சீராகப் பரவியிருந்தால் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் சுமார் 990 பேர் எடுத்திருப்பார்கள். பாடப்புத்தகத்தில் படித்த குவிக்சார்ட்டை இதன்மேல் ஓட்டினால், வேகத்துக்குப் பெயர்போன அந்த முறை இங்கே மூச்சு வாங்குகிறது. காரணத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு திருத்துவோம். குவிக்சார்ட்டை ஒருமுறையாவது எழுதிப் பார்த்திருந்தால் போதும், இதைப் பின்தொடரலாம்.

படி 1: வழக்கமான முறையை எழுதுவோம்

பெரும்பாலானோர் முதலில் கற்பது லோமுட்டோ முறை. கடைசி உறுப்பைப் பிவட்டாக வைத்துக்கொண்டு, அதைவிடச் சிறியதையும் அதற்குச் சமமானதையும் இடப்பக்கம் தள்ளுகிறோம்.

```python
def partition(a, lo, hi):
    p = a[hi]
    i = lo
    for j in range(lo, hi):
        if a[j] <= p:
            a[i], a[j] = a[j], a[i]
            i += 1
    a[i], a[hi] = a[hi], a[i]
    return i

def quick(a, lo, hi):
    if lo >= hi:
        return
    m = partition(a, lo, hi)
    quick(a, lo, m - 1)
    quick(a, m + 1, hi)
```

இதில் பிழை எதுவும் இல்லை. எந்த அணியைக் கொடுத்தாலும் சரியாக வரிசைப்படுத்தும். சிக்கல் வேகத்தில்தான்.

படி 2: எல்லாம் சமமான அணியைக் கொடுத்துப் பார்ப்போம்

`[62, 62, 62, 62, 62]` என்று ஐந்தே உறுப்புகள் கொடுங்கள். பிவட் 62. மற்ற நான்கும் `<= p` என்ற சோதனையில் தேறி இடப்பக்கம் போகின்றன. வலப்பக்கம் காலி. நான்கு ஒப்பீடு செய்தும் ஒரே ஓர் உறுப்புதான் தன் இடத்தில் அமர்ந்திருக்கிறது. அடுத்த சுற்றில் மூன்று ஒப்பீடு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஆகமொத்தம் 10.

ஐந்துக்கு 10 என்பது சின்ன விஷயம். ஆயிரம் உறுப்புகளுக்கு இதே கணக்கு 4,99,500 ஆகிறது. உறுப்புகள் `n` என்றால் ஒப்பீடுகள் `n(n-1)/2`. பாதியாகப் பிரித்துப் பிரித்துப் போவதுதான் குவிக்சார்ட்டின் பலம். இங்கே அது பாதியாகப் பிரிக்காமல், வெங்காயத் தோலை உரிப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறது.

பைதானில் இது இன்னொரு விதமாகவும் வெளிப்படும். சமமான 2000 உறுப்புகளைக் கொடுத்தால் `RecursionError: maximum recursion depth exceeded` என்று நிரல் நின்றுவிடும். செயற்கூறு தன்னைத் தானே எத்தனை ஆழம் அழைக்கலாம் என்பதற்குப் பைதான் வழக்கமாக வைத்திருக்கும் வரம்பு 1000. ஒவ்வொன்றாகக் கழற்றும்போது அழைப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக 2000 ஆழம் போகின்றன. நன்றாகக் கலைந்த தரவிலும் இந்தப் பிழை வந்தால், முதலில் திரும்பத் திரும்ப வரும் மதிப்புகள் மேல் சந்தேகப்படுங்கள்.

படி 3: உண்மையான காரணம்

"பிவட்டைக் குலுக்கல் முறையில் எடுத்தால் சரியாகிவிடும்" என்பதுதான் பலரும் சொல்லும் முதல் யோசனை. ஏற்கெனவே வரிசையாக இருக்கும் அணிக்கு அது நல்ல மருந்து. இங்கே எடுபடாது. ஏன் என்று புரிந்துகொண்டால் திருத்தம் தானாகவே தோன்றிவிடும், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிப்போம்.

62 எடுத்த இரண்டு மாணவர்களை மட்டும் கவனியுங்கள். வேறு யாரோ ஒருவரின் மதிப்பெண், உதாரணமாக 48, பிவட்டாக வந்தால் இந்த இருவரும் ஒன்றாக வலப்பக்கம் போவார்கள். 90 வந்தால் ஒன்றாக இடப்பக்கம். 62 எடுத்த மூன்றாம் ஒருவர் பிவட்டாக வந்தாலும், `<=` இருப்பதால் இருவரும் ஒன்றாக இடப்பக்கமே. எந்தப் பிவட்டாலும் இந்த இருவரைப் பிரிக்க முடியாது. இருவரில் ஒருவரே பிவட்டாகும்போதுதான் பிரிவார்கள். அந்தச் சுற்றில் மற்றவர் அவரோடு ஒப்பிடப்பட்டே ஆகவேண்டும்.

ஆக, சமமான ஒவ்வொரு ஜோடியும் ஒருமுறை நேருக்கு நேர் ஒப்பிடப்படுகிறது. பிவட்டை எப்படித் தேர்ந்தெடுத்தாலும் இதிலிருந்து தப்ப வழியில்லை. `<=` என்பதை `<` என்று மாற்றினாலும் இதே கதைதான், இருவரும் சேர்ந்து போகும் பக்கம் மட்டும் மாறும்.

இப்போது நம் ஒரு லட்சம் பேருக்குக் கணக்குப் போடலாம். ஒரே மதிப்பெண் எடுத்த 990 பேருக்குள் சுமார் 4.9 லட்சம் ஜோடிகள். அப்படி 101 குழுக்கள். மொத்தம் ஏறக்குறைய 5 கோடி ஒப்பீடுகள், அதுவும் சமமானவர்களைச் சமமானவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். மாணவர் எண்ணிக்கை இரண்டு லட்சமானால் இது நான்கு மடங்காகி 20 கோடியைத் தொடும்.

நிஜத்திலும் இது நடந்திருக்கிறது. 1983-இல் பெர்க்லியில் எழுதப்பட்ட `qsort`, 0, 1 ஆகிய இரண்டே மதிப்புகள் கலந்த அணிகளில் இப்படித்தான் `n²` அளவுக்கு நேரம் எடுத்தது என்பதை ஜான் பென்ட்லியும் டக்ளஸ் மெக்கில்ராயும் 1993-இல் வெளியிட்ட கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார்கள்.

படி 4: மூன்றாகப் பிரிப்போம்

பிவட்டுக்குச் சமமானவை எல்லாம் வரிசையில் அடுத்தடுத்துத்தான் அமரப்போகின்றன. அப்படியிருக்க, அவற்றை ஒரு பக்கம் தள்ளி மறுபடி ஏன் பிரிக்க வேண்டும்? முதல் சுற்றிலேயே நடுவில் உட்காரவைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். இடப்பக்கம் சிறியவை, நடுவில் சமமானவை, வலப்பக்கம் பெரியவை. டைக்ஸ்ட்ரா சிவப்பு, வெள்ளை, நீலக் கற்களை நெதர்லாந்துக் கொடியின் நிற வரிசையில் அடுக்கும் புதிராக இதை முன்வைத்தார். அதனால் டச்சுக் கொடிச் சிக்கல் என்ற பெயரும் இதற்கு உண்டு.

```python
import random

def sort3(a, lo, hi):
    if lo >= hi:
        return
    p = a[random.randint(lo, hi)]
    lt, i, gt = lo, lo, hi
    while i <= gt:
        if a[i] < p:
            a[lt], a[i] = a[i], a[lt]
            lt += 1
            i += 1
        elif a[i] > p:
            a[i], a[gt] = a[gt], a[i]
            gt -= 1
        else:
            i += 1
    sort3(a, lo, lt - 1)
    sort3(a, gt + 1, hi)
```

மூன்று குறிமுள்கள் இருக்கின்றன. `lt`-க்கு முன்னால் இருப்பவை எல்லாம் பிவட்டைவிடச் சிறியவை. `lt` முதல் `i`-க்கு முந்தைய இடம் வரை சமமானவை. `gt`-க்குப் பின்னால் இருப்பவை பெரியவை. `i` முதல் `gt` வரை இருப்பவை மட்டும் இன்னும் பார்க்கப்படாதவை. சுழற்சி எந்தக் கட்டத்தில் இருந்தாலும் இந்த நான்கு வாக்கியங்களும் உண்மையாக இருக்க வேண்டும். நிரல் மறந்துபோனாலும் இவை நினைவிருந்தால் மறுபடி எழுதிவிடலாம்.

படி 5: கையால் ஓட்டிப் பார்ப்போம்

அணி `[62, 35, 62, 90, 35, 62, 62, 48]`. பிவட்டாக 62 வந்தது. தொடக்கத்தில் `lt = 0`, `i = 0`, `gt = 7`. அணியின் இடங்களை 0-இலிருந்து எண்ணுகிறோம்.

இடம் 0-இல் 62. சமம், `i` மட்டும் நகர்கிறது. இடம் 1-இல் 35. சிறியது, `lt` காட்டும் 62-உடன் இடம் மாறுகிறது. `lt`, `i` இரண்டும் நகர்கின்றன. இடம் 2-இல் 62, மறுபடி சமம். இடம் 3-இல் 90. பெரியது, கடைசியில் இருக்கும் 48-உடன் இடம் மாறுகிறது. `gt` 6 ஆகிறது, `i` 3-லேயே நிற்கிறது. அணி இப்போது:

```
[35, 62, 62, 48, 35, 62, 62, 90]   lt=1  i=3  gt=6
```

இடம் 3-க்குப் புதிதாக வந்த 48-ஐப் பார்க்கிறோம். சிறியது, இடம் 1-க்குப் போகிறது. இடம் 4-இல் இருக்கும் 35 இடம் 2-க்குப் போகிறது. மீதி இரண்டும் 62. `i` 7-ஐத் தொட்டதும் சுழற்சி முடிகிறது.

```
[35, 48, 35,  62, 62, 62, 62,  90]   lt=3  gt=6
```

ஒரே சுற்றில் நான்கு 62-களும் தத்தம் நிரந்தர இடத்தைப் பிடித்துவிட்டன. இனி `[35, 48, 35]` மட்டும் பாக்கி. வலப்பக்கம் 90 தனி ஆள், அங்கே வேலை இல்லை.

எங்கே தவறு நேரும்

90-ஐ வலப்பக்கம் அனுப்பியபின் பழக்கதோஷத்தில் `i += 1` சேர்த்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. வலமிருந்து வந்த 48-ஐ இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதைத் தாண்டிப் போனால் அது 62-களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். நடுப்பகுதியை மறுபடி தொடமாட்டோம் என்பதால் கடைசிவரை அங்கேயே கிடக்கும். மேலே உள்ள அணியில் அந்தப் பிழையோடு ஓட்டினால் `[35, 35, 62, 48, 62, 62, 62, 90]` என்று முடியும். இடப்பக்கத்திலிருந்து மாறி வருவது அப்படியல்ல. அது ஏற்கெனவே பார்த்துவிட்ட உறுப்பு, அதனால்தான் அங்கே `i`-யைத் தயங்காமல் நகர்த்தலாம்.

`while i < gt` என்று எழுதுவது இன்னொன்று. பார்க்கப்படாத கடைசி உறுப்பு விட்டுப்போகும். `[2, 1]` கொடுத்து, பிவட் 2 ஆக அமைந்தால் அணி மாறாமல் அப்படியே திரும்பி வரும். எட்டு உறுப்புள்ள நம் உதாரணத்தில் பிவட் 62 வந்த அந்தச் சுற்றில் இது எந்தத் தடயமும் காட்டாது. எனவே இரண்டு, மூன்று உறுப்புள்ள அணிகளைப் பலமுறை ஓட்டிச் சோதியுங்கள்.

எவ்வளவு மிச்சம்?

இப்போது ஒரு மதிப்பெண் ஒருமுறை பிவட்டானால் அதை எடுத்த எல்லோருடைய வேலையும் முடிந்தது. 101 மதிப்புகள் சீராகப் பரவியிருந்தால் ஓர் உறுப்பு சராசரியாக 7 அல்லது 8 சுற்றுகளில் பார்க்கப்படும். ஒரு பார்வைக்கு அதிகபட்சம் இரண்டு ஒப்பீடுகள். ஆக ஒரு லட்சம் பேருக்குச் சராசரியாக 15 லட்சத்துக்குள்தான் வரும். இரண்டு லட்சம் பேரானால் 30 லட்சத்துக்குள், அதாவது இரண்டு மடங்கு மட்டுமே. நம்பிக்கை வரவில்லை என்றால் இரண்டு நிரல்களிலும் ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணியை வைத்து ஓட்டிப் பாருங்கள். கடிகாரத்தைவிட எண்ணிக்கை தெளிவாகப் பேசும். வழக்கமான முறையை ஓட்டுமுன் `sys.setrecursionlimit` கொண்டு ஆழ வரம்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதற்கும் ஒரு விலை உண்டு. எல்லா மதிப்புகளும் வெவ்வேறாக இருந்தால், உதாரணமாகப் பதிவு எண்களை வரிசைப்படுத்தினால், நடுப்பகுதியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பெரிய உறுப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஒப்பீடு வீண். பென்ட்லியும் மெக்கில்ராயும் அதே கட்டுரையில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். சமமானவற்றை முதலில் அணியின் இரு ஓரங்களிலும் ஒதுக்கிவைத்து, சுற்று முடிந்ததும் மொத்தமாக நடுவுக்குக் கொண்டுவருவது. இப்படிச் செய்தால் சமமானவை இருக்கும்போது மட்டுமே கூடுதல் இடமாற்றம் விழும்.

மதிப்பெண்ணோடு பெயரும் சேர்ந்த பதிவுகளை வரிசைப்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 62 எடுத்தவர்கள் முதலில் அகர வரிசையில் இருந்திருந்தாலும், இந்த முறை அந்த வரிசையைக் கலைத்துவிடும். அது வேண்டுமென்றால் மதிப்பெண் சமமாக இருக்கும்போது பெயரையும் ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் சமமான பதிவுகளே அரிதாகிவிடும், மூன்றாகப் பிரிப்பதன் பலனும் அதோடு போய்விடும். அந்த இடத்துக்கு மெர்ஜ்சார்ட்தான் பொருத்தம்.