நள்ளிரவு தாண்டிப் பிறந்தவர்களுக்குப் பொருத்தம் பார்க்கும்போது எந்தத் தேதியை எடுப்பது?

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த லைனில் இருக்கும் அக்கா, மகளுக்கு வரன் வந்திருக்கிறது என்று இரண்டு ஜாதகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டும் அவர் மகளுடையவைதான். ஒன்றில் பூராடம், தனுசு. இன்னொன்றில் உத்திராடம், மகரம். "ரெண்டு இடத்துல எழுதினோம், ரெண்டு விதமா வந்துடுச்சு. எது சரிங்கண்ணா?"

பிறந்த நேரம் இரண்டிலும் இரவு 12.25 என்றே இருந்தது. வேறுபட்டது தேதி மட்டும்: ஒன்றில் 16.7.2000, மற்றதில் 17.7.2000. இந்த ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால், நள்ளிரவுப் பிறப்பு எதையும் நீங்களே சரிபார்த்துவிடலாம்.

முதல் படி: எந்த இரவு என்று உறுதிசெய்யுங்கள்

"16ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டரை" என்று சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் வரும். 15 முடிந்து 16 தொடங்கிய இரவாகவும் இருக்கலாம், 16 முடிந்து 17 தொடங்கிய இரவாகவும் இருக்கலாம். அதனால் தேதியைக் கேட்காதீர்கள், "எந்தக் கிழமை ராத்திரி, விடிந்தால் என்ன கிழமை?" என்று கேளுங்கள். அம்மாக்களுக்கு அது மறக்காது.

அக்கா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ராத்திரி, விடிஞ்சா திங்கள். அன்னைக்குச் சந்திர கிரகணம். மழை மூட்டத்துல நிலாவே தெரியல, ஆனாலும் மாமியார் என்னை வாசப்பக்கம் விடல. கிரகணம் விட்டு, குளிச்சு, ஒரு வாய் சாப்பிட்டேன். அப்புறம்தான் வலி வந்துச்சு."

2000 ஜூலை 16 ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை முழுச் சந்திர கிரகணம் பிடித்து, நம் நேரப்படி இரவு ஒன்பதரைக்குள் விட்டது. ஆக, குழந்தை பிறந்தது அதற்கு மூன்று மணி நேரம் கழித்து. ஆங்கிலத் தேதி 17 ஆகிவிட்டது. பிறப்புச் சான்றிதழிலும் 17.7.2000 என்றே இருந்தது.

இரண்டாம் படி: பஞ்சாங்கத்தில் எந்த வரி?

பஞ்சாங்கத்தில் ஒரு நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. நள்ளிரவு அதற்கு ஒரு எல்லையே இல்லை. 12.25க்குத் திங்கட்கிழமை உதயம் ஆகவில்லை என்பதால் ஜாதகத்தில் கிழமை ஞாயிறுதான். பார்க்க வேண்டிய வரியும் ஜூலை 16க்கு உரியதுதான்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். 16ஆம் தேதி வரியில் முதலில் அச்சாகியிருப்பது பூராடம். அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். அது உதய வேளையில் இருந்த நட்சத்திரம். அதன் பக்கத்தில் உள்ள நாழிகை, அது எதுவரை இருந்தது என்பதைச் சொல்கிறது. குழந்தைக்கு எடுக்க வேண்டியது பிறந்த நொடியில் ஓடிய நட்சத்திரத்தை.

அதனால் பிறந்த நேரத்தை நாழிகையாக்க வேண்டும். ஜூலை நடுவில் நீலகிரியில் உதயம் காலை சுமார் 6.07. (மலை மறைவில் இருக்கும் வீடுகளில் வெயில் ஏழு மணிக்குத்தான் தெரியும். அந்த நேரத்தை எடுக்கக் கூடாது, கணித உதயம்தான் கணக்கு. சென்னை உதயத்தையும் போடாதீர்கள், அங்கே கால் மணி நேரம் முன்னதாகவே விடிந்துவிடும்.) 6.07லிருந்து இரவு 12.25 வரை 18 மணி 18 நிமிடம், அதாவது 1098 நிமிடம். 24 நிமிடம் ஒரு நாழிகை. வகுத்தால் 45 நாழிகை 45 விநாழிகை. பழைய ஜாதகங்களில் "உதயாதி நாழிகை" என்று இருப்பது இதுதான்.

இப்போது ஒப்பிடுங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி பூராடம் அன்று நண்பகலையொட்டி, சுமார் 14 நாழிகையில் முடிந்துவிட்டது. நம் எண் 45, அதைத் தாண்டிவிட்டது. எனவே உத்திராடம். பௌர்ணமியும் 33 நாழிகை அளவில் முடிந்துவிட்டதால் திதி தேய்பிறைப் பிரதமை. உத்திராடம் மறுநாள் பிற்பகல் மூன்று மணி வரை ஓடியது. இங்கே இரண்டு பக்கமும் நிறைய இடம் இருப்பதால் சந்தேகமே இல்லை. நட்சத்திரம் மாறும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணிக்குள் பிறப்பு இருந்தால், வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் வேறு வேறு நட்சத்திரம் சொல்லக்கூடும். அப்போது பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே பஞ்சாங்கத்தில் பாருங்கள்.

மூன்றாம் படி: கணினியில் போடும்போது

ஜாதக மென்பொருளுக்குப் பஞ்சாங்கத் தேதியைக் கொடுக்கவே கூடாது. ஆங்கிலத் தேதியும் கடிகார நேரமும் கொடுத்தால் போதும், உதயக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும்.

```
17-07-2000
12:25 AM
```

அக்காவின் முதல் ஜாதகம் கெட்டது இங்கேதான். "ஞாயிற்றுக்கிழமைதானே" என்று யாரோ 16ஆம் தேதியும் 12:25 AM என்றும் அடித்திருக்கிறார்கள். அது சனிக்கிழமை இரவு! முழுசாக 24 மணி நேரம் பின்னால் போய்விட்டது. சந்திரன் ஏறக்குறைய ஒரு நாளில் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கும், அதனால் ஒரு நட்சத்திரம் பின்னுக்குப் போய், ராசியும் மாறிவிட்டது. தொடக்க தசையும் சூரிய தசைக்குப் பதிலாகச் சுக்கிர தசை ஆகியிருந்தது.

கணித்த பிறகு கிழமையைப் பாருங்கள். சில மென்பொருள் ஞாயிறு என்று பஞ்சாங்கக் கிழமை காட்டும், சில திங்கள் என்று காட்டும். அதைப் பார்த்துப் பயந்து தேதியை மாற்றாதீர்கள். நட்சத்திரம் உங்கள் நாழிகைக் கணக்கோடு ஒத்துப்போனால் சரி.

இதனால் பொருத்தத்தில் என்ன ஆகும்? பையன் அனுஷம். பூராடம் என்று வைத்தால் இருவருக்கும் தொடை ரஜ்ஜு, ரஜ்ஜு தட்டுகிறது என்று அந்த இடத்தையே விட்டிருப்பார்கள். உத்திராடம் வயிற்று ரஜ்ஜு, அனுஷம் தொடை ரஜ்ஜு. பொருந்துகிறது.

நான்காம் படி: எண் கணிதம்

எண் கணிதம் நிற்பது ஆங்கிலக் காலண்டர் மேல், அதில் நாள் மாறுவது நள்ளிரவில். எனவே 17. பிறவி எண் 1+7=8. விதி எண் 1+7+7+2=17, அதாவது அதுவும் 8.

அக்காவின் முகம் மாறிவிட்டது. கல்யாண விஷயத்தில் எட்டு என்றாலே நம் வீடுகளில் ஒரு பயம். "பஞ்சாங்கத்துல ஞாயித்துக்கிழமைன்னீங்களே, அப்ப 16ன்னு வெச்சா ஏழு வருமில்ல?" என்று கேட்டார். வரும், 16க்கு இரண்டு எண்ணுமே 7தான். ஆனால் விடையைப் பார்த்துவிட்டுத் தேதியைத் தேர்ந்தெடுத்தால் அது கணக்கே இல்லை. எண் கணிதத்திலும் உதயத்தில்தான் நாள் தொடங்கும் என்று கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் பையனுக்கும் அதே விதியில் பார்க்கச் சொல்லுங்கள். பெண்ணுக்கு உதயம், பையனுக்கு நள்ளிரவு என்று கலக்கக் கூடாது.

நான் புது ஜாதகத்தின் தலைப்பில் இப்படி எழுதிக்கொடுத்தேன்: "ஆங்கிலத் தேதி 17.7.2000, நள்ளிரவு 12.25. பஞ்சாங்கப்படி விக்கிரம வருடம் ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை இரவு, விடிந்தால் திங்கள். உத்திராடம், மகரம்." பூராடம் என்றிருந்த தாளை அக்கா அங்கேயே இரண்டாகக் கிழித்து, மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார்.