மூலையைச் சமதளமாக விரித்து மின்னழுத்தம் காணும் முறை

இரண்டு கடத்தித் தகடுகள் செங்குத்தாகச் சேரும் ஒரு மூலையை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மின்னழுத்தம் சுழி. மூலையின் உட்புறத்தில் உள்ள காற்றில் மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்பதே கேள்வி.

முதலில், மூலையை மறந்துவிட்டு ஒரே ஒரு சமதளத் தகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். w = u + iv என்ற தளத்தில் v = 0 என்பது தகடு என்றால், அதன் மேலே விடை எளிது: Φ = Av. உயரத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் சீராகக் கூடும்.

அடுத்து, மூலையை அந்தத் தகடாக விரிக்க வேண்டும். w = z² என்ற சார்பு ஒவ்வொரு புள்ளியின் கோணத்தையும் இரட்டிப்பாக்குவதால், 90° மூலை 180° ஆகத் திறந்து நேர்கோடாகிவிடுகிறது. பகுமுறைச் சார்பு ஒன்றின் கற்பனைப் பகுதி எப்போதும் லாப்லாஸ் சமன்பாட்டை நிறைவு செய்யும் என்பதால், z² = x² − y² + 2ixy என்று விரித்து, கற்பனைப் பகுதியை எடுத்தாலே விடை கிடைத்துவிடும்:

Φ = 2Axy

x = 0, y = 0 ஆகிய இரு சுவர்களிலும் இது சுழியாவதைச் சரிபாருங்கள். A-இன் மதிப்பை மூலை சொல்லாது. தொலைவில் உள்ள மின்முனைகளே அதை முடிவு செய்கின்றன. மூலையிலிருந்து x = y = 5 செ.மீ. உள்ள புள்ளியில் 100 V என்று அளந்தால், A = 20000 V/m². மின்புலத்தின் அளவு 2Ar என்பதால், 5 செ.மீ. தொலைவில் 2000 V/m, 1 செ.மீ. தொலைவில் 400 V/m, மூலையிலேயே சுழி. கோணம் காக்கும் பண்பு குலைவதும் சரியாக அந்த ஒரு புள்ளியில்தான். குலையாவிட்டால் மூலையை விரிக்கவே முடியாது.

இதே தகடுகளை வெளிப்புறத்திலிருந்து பாருங்கள். இப்போது காற்று, நேர் x அச்சிலிருந்து எதிர் y அச்சு வரை 270° பரவியிருப்பதாக அச்சுகளை வைத்துக்கொள்வோம்; அதை 180° ஆகச் சுருக்க w = z^(2/3) வேண்டும். மின்புலம் r^(−1/3) என்று மாறுவதால், விளிம்பை எட்டு மடங்கு நெருங்கினால் அது இரட்டிப்பாகும். உள்மூலையிலோ எட்டில் ஒன்றாகும். கூர்விளிம்பில் காற்றின் மின்காப்பு முதலில் முறிவது இதனால்தான். உண்மையான விளிம்பு சற்றே மழுங்கியிருப்பதால், புலம் முடிவிலியை எட்டாது. மழுங்கலின் ஆரத்தை விட நெருங்கிய இடத்தில் இந்தச் சூத்திரத்தை நம்பக்கூடாது.

கணினியில் வரையும்போதுதான் பலரும் இடறுகிறார்கள், நானும் இடறியிருக்கிறேன். பைத்தானின் நம்பை (NumPy) நூலகம் கோணத்தை −π முதல் π வரை தருவதால், கோணம் திடீரெனத் தாவும் வெட்டுக்கோடு காற்றின் நடுவே, எதிர் x அச்சில் விழுகிறது. அதைக் கடக்கையில் Φ-இன் குறி திடீரென மாறி, சமமின்னழுத்தக் கோடுகள் அறுந்து நிற்கும். கோணத்தை 0 முதல் 2π வரை எடுத்தால், வெட்டுக்கோடு காற்றை விட்டு அகன்றுவிடும்:

```python
t = np.angle(z) % (2*np.pi)
phi = A * abs(z)**(2/3) * np.sin(2*t/3)
phi[t > 1.5*np.pi] = np.nan
```

கடைசி வரி, கடத்தியின் உட்பகுதியைப் படத்திலிருந்து நீக்குகிறது.