தொலைவில் தெரியும் கட்டடம் எவ்வளவு தூரம்? படத்தை வைத்துக் கணக்கிடும் முறை

ஒரு கட்டடத்தின் அகலம் தெரியும், அதைத் தூரத்திலிருந்து எடுத்த படமும் கையில் இருக்கிறது. படம் எடுத்த இடத்திலிருந்து கட்டடம் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடித்துவிடலாம். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணம் போதும். ஆனால் முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். அந்த இடத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

கோணத்தைப் பிக்சலால் வகுக்காதீர்கள்

உங்கள் கேமராவின் கிடைமட்டப் பார்வைக் கோணம் 67 டிகிரி, படத்தின் அகலம் 4000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 67-ஐ 4000-ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு இத்தனை டிகிரி என்று வந்துவிடும், அதைக் கட்டடத்தின் பிக்சல் அகலத்தால் பெருக்கினால் கோணம் கிடைத்துவிடும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். இது தவறு. சென்சார் தட்டையானது, அதனால் எல்லா டிகிரியும் அதில் ஒரே அளவு இடம் பிடிப்பதில்லை. இந்தக் கேமராவில் படத்தின் நடுவில் ஒரு டிகிரிக்குச் சுமார் 53 பிக்சல்தான். ஓரத்திலோ அதே ஒரு டிகிரி 76 பிக்சல் வரை நீள்கிறது. சராசரியாகிய 60-ஐ எடுத்து நடுவில் இருக்கும் கட்டடத்துக்குப் பயன்படுத்தினால், விடை 13 சதவீதம் கூடிப்போகும்.

இதற்குப் பதிலாக, கேமராவின் குவியத் தூரத்தைப் பிக்சலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதை `f` என்போம். அது கிடைத்துவிட்டால் மீதி எல்லாம் ஒரே வரி:

```
f = (N / 2) / tan(FOV / 2)
D = f × W / w
```

`N` என்பது படத்தின் மொத்த அகலம், பிக்சலில். `FOV` கிடைமட்டப் பார்வைக் கோணம். `W` கட்டடத்தின் உண்மையான அகலம், மீட்டரில். `w` அதே அகலம் படத்தில் எத்தனை பிக்சல் என்பது. `D` தான் நாம் தேடும் தூரம். 67 டிகிரியையும் 4000-ஐயும் போட்டால் `f` சுமார் 3020 வரும்.

உங்கள் கேமராவின் `f` எவ்வளவு?

விவரக்குறிப்பில் போட்டிருக்கும் பார்வைக் கோணத்தை அப்படியே நம்ப வேண்டாம். பல இடங்களில் அது மூலைவிட்டக் கோணமாக இருக்கும், கிடைமட்டக் கோணம் அதைவிடச் சிறியது. படக் கோப்பின் விவரங்களில் `FocalLengthIn35mmFilm` என்று ஒரு எண் இருக்கும். அதிலும் இதே குழப்பம் உண்டு. அந்த எண் 26 என்றால், 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் 36 மி.மீ. அகலத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டால் `f` 2889 வருகிறது. அதே சட்டத்தின் 43.3 மி.மீ. மூலைவிட்டத்தோடு ஒப்பிட்டால் 4000 × 3000 படத்துக்கு 3000-ஐ ஒட்டி வருகிறது. வித்தியாசம் 4 சதவீதம். ஒரு கிலோமீட்டரில் அது 40 மீட்டர்.

அதனால் நீங்களே ஒருமுறை அளந்துவிடுங்கள், பத்து நிமிட வேலைதான். சரியாக 2 மீட்டர் நீளமுள்ள கம்பு ஒன்றைச் சுவரில் படுக்கைவசமாக ஒட்டுங்கள். சுவருக்கு நேர் எதிரே, லென்ஸிலிருந்து சுவர் வரை டேப்பில் 5 மீட்டர் வரும்படி நின்று, கம்பு படத்தின் நடுவில் இருக்குமாறு எடுங்கள். கம்பு 1208 பிக்சல் வந்தால், 1208 × 5 ÷ 2, அதாவது `f` = 3020. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது அந்த லென்ஸுக்கும் அந்தப் பட அளவுக்கும் மட்டுமே பொருந்தும். போனில் வேறு லென்ஸுக்கு மாறினாலோ, ஜூம் செய்தாலோ திரும்ப அளக்க வேண்டும். வீடியோவுக்கும் தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தைக் குறைக்க ஓரங்களை வெட்டிவிடும் போன்கள் நிறைய.

கட்டடத்தைப் பிக்சலில் அளப்பது

மூலப் படத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். செய்திச் செயலி வழியாக அனுப்பிய படம் பெரும்பாலும் சுருங்கியே வந்து சேரும். அகலம் 4000 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1600 என்று இருந்தால் `f`-ஐயும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓரம் வெட்டிய படத்துக்கு இது பொருந்தாது. வெட்டினால் `f` மாறுவதே இல்லை, பழைய 3020-ஐத்தான் போட வேண்டும்.

படம் திருத்தும் மென்பொருளில் நன்றாகப் பெரிதாக்கி, சுவரின் இடது விளிம்பில் சுட்டியை வைத்து, அது இடமிருந்து எத்தனையாவது பிக்சல் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வலது விளிம்பு. அவ்வளவு பெரிதாக்கும்போது விளிம்பு கோடாகத் தெரியாது; இரண்டு மூன்று பிக்சலுக்கு மெல்ல மெல்ல நிறம் மாறும். அந்த மாற்றத்தின் நடுப்பகுதியை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுங்கள். எனக்கு இடது 1931, வலது 2051 வந்தது என்றால் `w` = 120. வெயில் ஏறிய பிறகு எடுத்த படத்தில் கானல் அசைவால் விளிம்பே நெளிந்து கிடக்கும். காலையில் எடுப்பது நல்லது.

கட்டடத்தின் அகலம் இணைய வரைபடத்தின் அளவுக் கருவியில் கிடைக்கும். இரண்டு மூலைகளையும் ஒரே உயரத்தில் தொடுங்கள்: இரண்டும் கூரையில், இல்லாவிட்டால் இரண்டும் தரையில். உயரமான கட்டடம் செயற்கைக்கோள் படத்தில் சாய்ந்து தெரியும். ஒரு மூலையைக் கூரையிலும் மற்றதைத் தரையிலும் எடுத்தால் சில மீட்டர் போய்விடும். நமக்கு 48 மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

3020 × 48 ÷ 120 = 1208 மீட்டர். தவறான வழியில், அதாவது கோணத்தைப் பிக்சலால் வகுத்திருந்தால், சுமார் 1370 மீட்டர் வந்திருக்கும்.

கட்டடம் திரும்பி நின்றால்

மேலே உள்ள கணக்கு, சுவர் நம்மை நேராகப் பார்த்து நிற்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. சுவர் 30 டிகிரி திரும்பியிருந்தால் 48 மீட்டர் சுவர் நமக்கு 41.6 மீட்டராகத்தான் தெரியும். அப்படியானால் உண்மைத் தூரம் 1047 மீட்டர். நாம் 160 மீட்டர் கூட்டிச் சொல்லியிருப்போம். அளவெடுப்பதில் வரும் மற்ற எல்லாப் பிழைகளையும் சேர்த்தாலும் இவ்வளவு வராது, ஆகவே இதைக் கட்டாயம் சோதியுங்கள்.

கட்டடத்தின் உயரமும் தெரிந்தால் சோதனை சுலபம். உயரம் 24 மீட்டர் என்றால், நேராக நிற்கும் சுவர் படத்தில் உயரத்தைப் போல இரண்டு மடங்கு அகலமாக இருக்க வேண்டும். 120 பிக்சல் அகலத்துக்கு உயரம் 60 பிக்சல் வந்தால் சரி. 69 வந்தால் சுவர் திரும்பியிருக்கிறது. பக்கவாட்டில் திரும்பினாலும் உயரம் சுருங்காது, எனவே அப்போது உயரத்தை வைத்தே கணக்கிடுங்கள்: 3020 × 24 ÷ 69 = 1050 மீட்டர். அடிப்பகுதியை மரங்கள் மறைத்தால் இந்த வழி உதவாது. அப்போது ஜன்னல் வரிசையைப் பாருங்கள். உண்மையில் சதுரமான ஜன்னல்கள் ஒடுங்கித் தெரிந்தால் சுவர் திரும்பியிருக்கிறது என்று பொருள்.

பக்கச் சுவரும் கண்ணில் படுகிறதா? அப்படியானால் முன்சுவரின் இரண்டு மூலைகளை மட்டும் அளக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் கடைசி விளிம்பு வரை இழுத்துவிட்டால் பக்கச் சுவரும் கணக்கில் சேர்ந்துவிடும்.

விடையை எப்படிச் சொல்வது

சுவர் நேராகத்தான் நிற்கிறது என்று உறுதியானால், நம் 1208-இல் எவ்வளவு நம்பலாம்? விளிம்பில் 2 பிக்சல் ஐயம், 120-இல் அது 1.7 சதவீதம். அகலத்தில் அரை மீட்டர் ஐயம், சுமார் 1 சதவீதம். `f`-இல் இன்னொரு 1 சதவீதம். மூன்றும் ஒரே பக்கமாகச் சாய்வது அரிது, சேர்த்துப் பார்த்தால் 2 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். ஆகவே "சுமார் 1,210 மீட்டர், 30 மீட்டர் கூடக் குறைய இருக்கலாம்" என்று எழுதுங்கள். இதைவிடத் துல்லியம் வேண்டுமானால் மூன்று மடங்கு ஜூம் லென்ஸில் எடுக்கலாம். அதே கட்டடம் 360 பிக்சலுக்கு வரும், விளிம்பின் ஐயம் 0.6 சதவீதமாகக் குறையும். அந்த லென்ஸின் `f`-ஐ மட்டும் மறுபடி கம்பு வைத்து அளந்துகொள்ளுங்கள்.