பேக் கவரைக் கழற்றாமல் வயர்லெஸ் சார்ஜ்: கேமரா மேட்டையும் கவனியுங்கள்

வயர்லெஸ் சார்ஜரில் காயில் எனும் கம்பிச் சுருள் ஒன்று, போனின் முதுகுக்குள் இன்னொன்று. இரண்டும் நெருங்கி நேருக்கு நேராக இருந்தால் சார்ஜ் நன்றாக ஏறும். விலகினால் மெதுவாக ஏறும், சூடும் கூடும். உங்கள் கவர் இதற்குத் தடையா என்று நான்கு படிகளில் பார்த்துவிடலாம்.

படி 1: உலோகம் இருக்கிறதா?
கவரின் முதுகில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்புத் தகடு இருக்கலாம். காரில் போனை மாட்ட ஒட்டும் தகடும் இதே ரகம்தான். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். காயிலுக்கு நடுவே உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பாய்ந்து அதுவே சூடாகும். நல்ல சார்ஜர் இதை உணர்ந்து நின்றுவிடும், அல்லது விளக்கு சிமிட்டும். வயர்லெஸ் சார்ஜிங்குக்கென்றே வரும் காந்த வளையக் கவர்கள் இதில் சேராது. அவற்றின் வளையம் காயிலைச் சுற்றி இருக்கும், நடுவே வராது.

படி 2: தடிமனை அளந்து பாருங்கள்
ஒரு ஏடிஎம் கார்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். கவரைக் கழற்றி, அதன் முதுகு விளிம்புக்குப் பக்கத்தில் கார்டுகளை அடுக்குங்கள். நான்கு கார்டு உயரம் வந்தால் 3 மி.மீ. பல சார்ஜர்கள் அதுவரை தாங்கும். (கார்டை கவருக்குள்ளேயே வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், கெட்டுப்போகலாம்.)

படி 3: கேமரா மேடு
பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். லென்ஸைச் சுற்றிக் கவரில் உயர்ந்த விளிம்பு இருக்கும். அதன் மேல் குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். ஸ்கேலுக்கும் லென்ஸுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால், மேசையில் வைக்கும்போது லென்ஸ் மேசையைத் தொடாது. பாதுகாப்புக்கு அது போதும்.

ஆனால் அதே விளிம்பு அகலமான, தட்டையான சார்ஜர் பேடில் போனைத் தூக்கிவிடும். கவர் 1.5 மி.மீ., அதற்கு மேல் விளிம்பு 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போன் ஒரு முனையில் தூக்கிச் சாய்ந்து நிற்பதால், நடுவில் உள்ள காயிலுக்குக் கீழே ஏறக்குறைய 1.5 மி.மீ. இடைவெளி விழும். ஆக, மெல்லிய கவரே 3 மி.மீ. கவர் மாதிரி ஆகிவிடுகிறது. சரி, என்ன செய்வது? பேடின் விளிம்பைத் தாண்டி கேமரா மேடு வெளியே தொங்கும்படி வையுங்கள். சின்ன வட்டப் பேடு என்றால் இந்தத் தொல்லையே கிடையாது.

படி 4: கவரோடும் இல்லாமலும்
ஒரே அறையில், திரையை அணைத்து, ஒரே சதவீதத்தில் தொடங்கி அரை மணி நேரம் கவரோடு போடுங்கள். இன்னொரு நாள் கவர் இல்லாமல். ஏறிய சதவீதம் கிட்டத்தட்ட ஒன்றென்றால் கவரில் குறையில்லை. கவரோடு மிகக் குறைவாக ஏறி, கழற்றியதும் போனின் முதுகு கையில் சுட்டால், கவர் சூட்டைப் போர்த்தி வைத்திருக்கிறது. போன் தன்னைக் காத்துக்கொள்ள சார்ஜைக் குறைத்திருக்கிறது. அதிகச் சூட்டில் ஐபோன் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதும் இதனால்தான். அப்படிப்பட்ட கவரை வெயில் காலத்தில் சார்ஜ் போடும்போது மட்டும் கழற்றினால் போதும், புதுக் கவர் வாங்க வேண்டியதில்லை.