காற்று வீசிக்கொண்டிருக்க மீன் குறைவது ஏன்? நீர் மேலெழுச்சி பற்றிய சில தவறான கணக்குகள்

தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையில், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ வந்தால் நெத்திலி குறைகிறது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அதற்குச் சொல்லப்படும் காரணத்தில்தான் முதல் தவறு தொடங்குகிறது. காற்று ஓய்ந்துவிடுகிறது, ஆழத்து நீர் மேலே வருவது நின்றுவிடுகிறது, ஆகவே மீன் இல்லை என்று சுருக்கமாக எழுதிவிடுகிறார்கள். கடலில் நடப்பதை அளந்து பார்த்தால் 1982–83, 1997–98 ஆகிய பெரும் வெப்ப நிகழ்வுகளின்போது அந்தக் கரையோரக் காற்று ஓயவில்லை. வழக்கத்தைவிட வலுவாகவே வீசியது. நீரும் மேலே வந்துகொண்டுதான் இருந்தது. அப்படியிருந்தும் மீன்வளம் சரிந்தது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, மேலெழுச்சி எப்படி நிகழ்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றே மேல்நீரைத் தள்ளிச் செல்கிறது என்று நினைப்பது இயல்பு. பெருவில் காற்று கரைக்கு இணையாக, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வீசுகிறது. பூமியின் சுழற்சியால், காற்றால் நகரும் மேல்நீர் தென் அரைக்கோளத்தில் இடப்புறம் விலகுகிறது. மேலே உள்ள சில பத்து மீட்டர் தடிமனான அடுக்கின் மொத்த நகர்வைக் கணக்கிட்டால், அது காற்றின் திசைக்குச் செங்குத்தாக, அதாவது மேற்கே, நடுக்கடலை நோக்கி அமைகிறது. சுவீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மன் 1905இல் இந்த நகர்வைக் கணிதத்தால் விளக்கினார். கரையை ஒட்டி இவ்வாறு விலகும் நீருக்கு ஈடாகப் பக்கத்திலிருந்து நீர் வர வழியில்லை, ஏனெனில் ஒரு பக்கம் நிலம். எனவே கீழிருந்து நீர் எழுகிறது. அதன் வேகம் நாளொன்றுக்குச் சில மீட்டர்தான் என்றாலும், கரையோரம் நெடுக, மாதக்கணக்கில் தொடர்வதால் மேலே வந்து சேரும் நீரின் அளவு மிகப் பெரியது.

கவனிக்க வேண்டியது, இந்த நீர் ஆழ்கடலின் அடித்தளத்திலிருந்து வருவதில்லை என்பது. பெரும்பாலும் 50 முதல் 200 மீட்டர் வரையிலான ஆழத்திலிருந்தே வருகிறது. மேலெழுச்சியின் பயன் முழுவதும், அந்த ஆழத்தில் எப்படிப்பட்ட நீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சூரிய ஒளி விழும் மேலடுக்கில் நுண்ணிய மிதவைத் தாவரங்கள் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகியவற்றை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன. உயிரினங்களின் கழிவும் உடலும் கீழே இறங்கி, பாக்டீரியாக்களால் சிதைந்து, அதே ஊட்டச்சத்துகள் இருண்ட அடுக்கில் சேர்கின்றன. மேலே வெதுவெதுப்பான வறிய நீர், கீழே குளிர்ந்த வளமான நீர். இடையே வெப்பநிலை சட்டென்று மாறும் ஓர் எல்லை. பெருக் கரையில் இந்த எல்லை வழக்கமாகச் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. காற்று இழுத்துவரும் நீர் எளிதாக எல்லைக்குக் கீழிருந்தே வந்துவிடுகிறது.

எல் நினோ தாக்குவது இந்த எல்லையைத்தான். பசிபிக் கடலின் மேற்குப் பகுதியில், வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசும் வணிகக் காற்று தளரும்போது, நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும் கெல்வின் அலைகள் உருவாகின்றன. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத இந்த அலைகள் இரண்டு மாதங்களுக்கு மேல் பயணித்துத் தென் அமெரிக்கக் கரையை அடைந்து, வடக்கும் தெற்குமாகப் பிரிந்து செல்கின்றன. அவை கடக்கும்போது அந்த எல்லை கீழே தள்ளப்படுகிறது. கடுமையான நிகழ்வுகளில் 100 மீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. காற்று முன்போலவே நீரை மேலே கொண்டுவருகிறது, ஆனால் வருவது எல்லைக்கு மேலே உள்ள வெதுவெதுப்பான வறிய நீர். கிணற்றில் வாளி அதே அளவு கயிற்றில் இறங்குகிறது, ஆனால் நல்ல தண்ணீர் கயிற்றுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது எனலாம்.

இதிலிருந்து நடைமுறையில் எழும் பிழை ஒன்று உண்டு. காற்றின் வேகத்தையும் திசையையும் மட்டும் வைத்துக் கணக்கிடும் மேலெழுச்சிக் குறியீடுகள் பரவலாகப் பயன்படுகின்றன. வெப்ப நிகழ்வின்போது இந்தக் குறியீடு குறையாமல் இருக்கலாம், உயரவும் கூடும். அதைப் பார்த்து மீனுக்குக் குறைவிருக்காது என்று முடிவுகட்டினால் தலைகீழான விடைதான் கிடைக்கும். எந்த ஆழத்தில் எல்லை இருக்கிறது, மேலே வந்த நீரில் நைட்ரேட் எவ்வளவு என்பவற்றைச் சேர்த்துப் பார்க்காத குறியீடு பாதிக் கணக்குதான். குளிர்ச்சியையே உணவாகக் கருதுவதும் இதே வகைப் பிழை. குளிர்ச்சி ஓர் அடையாளம் மட்டுமே; ஊட்டச்சத்துதான் காரணம்.

காற்று பலமாக வீச வீச மீன் பெருகும் என்ற எண்ணமும் தவறு. மிதமிஞ்சிய காற்று மீன்குஞ்சுகளைக் கரையிலிருந்து வெகுதூரம் அடித்துச் செல்கிறது. நீரைக் கலக்கி, குஞ்சுகளுக்குத் தேவையான அடர்த்தியான உணவுத் திட்டுகளைச் சிதறடிக்கிறது. 1989இல் கியூரி, ராய் ஆகிய ஆய்வாளர்கள் பல மேலெழுச்சிப் பகுதிகளை ஒப்பிட்டபோது, நொடிக்குச் சுமார் 5 முதல் 6 மீட்டர் வேகத்தில் காற்று வீசும் இடங்களில்தான் குஞ்சுகள் அதிகம் பிழைப்பதைக் கண்டனர். நெத்திலி மிதவைத் தாவரங்களை நேரடியாகத் தின்பதால்தான் இவ்வளவு பெருகுகிறது என்று பழைய பாடநூல்கள் சொல்வதையும் இங்கேயே திருத்திக்கொள்ளலாம். அதன் வயிற்றில் மிதவைத் தாவரங்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பது உண்மை. ஆனால் கார்பன் அளவில் கணக்கிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வு, அதன் ஆற்றலில் பெரும்பகுதி சிறு கூனிகள் போன்ற விலங்கு மிதவைகளிலிருந்து வருவதைக் காட்டியது. வெப்ப நிகழ்வில் பசுமை குறைவதோடு கதை முடிவதில்லை என்பது இதனால் விளங்கும். அந்த விலங்கு மிதவைகள் சிறுத்து, வகை மாறுவதும் நெத்திலியைப் பாதிக்கிறது.

இனி, எல்லாவற்றிலும் அதிக விலை கொடுக்க வைத்த தவறு. மீன் குறைந்தால் பிடிப்பும் உடனே குறையும், பிடிப்பு நன்றாக இருந்தால் கடலில் மீன் நன்றாக இருக்கிறது என்று பொருள் என்ற நம்பிக்கை அது. 1970இல் பெருவின் நெத்திலிப் பிடிப்பு 1 கோடியே 20 லட்சம் டன்னைக் கடந்தது. உலகில் வேறெந்த ஒற்றை மீனினமும் அந்த அளவு பிடிபட்டதில்லை. 1972இன் தொடக்கத்தில் வெதுவெதுப்பான நீர் நடுக்கடலிலிருந்து கரையை நெருங்கியது. குளிர்நீரை விரும்பும் நெத்திலிக் கூட்டங்கள், கரையை ஒட்டி எஞ்சியிருந்த குறுகிய குளிர்நீர்த் திட்டுகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஒதுங்கின. படகுகள் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. சுருக்குமடி வலையை ஒருமுறை வளைத்தாலே படகு நிரம்பியது. ஒரு படகு ஒரு நாளில் எவ்வளவு பிடிக்கிறது என்ற அளவுகோலைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு பொற்காலமாகத் தோன்றியிருக்கும்.

ஆனால் அந்த ஆண்டு மீன்வளத்தில் புதிதாகச் சேர வேண்டிய இளம் மீன்கள் மிகக் குறைவாகவே இருந்தன. அதாவது வரவு நின்றுபோன வேளையில், ஒரே இடத்தில் குவிந்துவிட்ட மூலதனத்தை வேகமாக எடுத்துச் செலவிட்டார்கள். ஆண்டின் பிற்பாதியில் பிடிப்பு வீழ்ந்தது. 1973இல் அது 20 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. மீன்பிடிப்பியலில் இதை ஒரு பொதுப் பண்பாகவே கருதுகிறார்கள்: கூட்டமாக வாழும் மீன்களில், மொத்த அளவு பாதியாகக் குறைந்த பிறகும் ஒரு படகின் தினசரிப் பிடிப்பு அப்படியே இருக்கலாம். இதைக் கண்டுகொள்ளும் வழி, எவ்வளவு பிடித்தோம் என்பதுடன் எங்கே பிடித்தோம், எந்த நீளமுள்ள மீனைப் பிடித்தோம் என்று கேட்பது. பிடிக்கும் பரப்பு சுருங்கிக் கரையை நோக்கி நகர்ந்தால், அல்லது சிறிய மீன்கள் அடியோடு இல்லாமற்போனால், நிரம்பிய வலை நல்ல செய்தி ஆகாது.

இந்தச் சரிவுக்குக் காரணம் எல் நினோவா, மிகையான மீன்பிடிப்பா என்ற வாதம் பல ஆண்டுகள் நடந்தது. கேள்வியே தவறாக அமைந்தது என்பது என் கருத்து. 1997–98 நிகழ்வு 1972–73ஐ விடக் கடுமையானது. 1998இலும் பிடிப்பு 20 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. ஆனால் 2000இல் மீன்வளம் தேறி, பிடிப்பு மீண்டும் 90 லட்சம் டன்னைத் தாண்டியது. 1972க்குப் பிறகோ பழைய நிலையை எட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. வெப்பம் இரண்டு முறையும் வந்தது. இனப்பெருக்கத்துக்குக் கடலில் எத்தனை மீன்களை விட்டுவைத்தார்கள் என்பதில் பெரிய வேறுபாடு இருந்தது.

முன்னெச்சரிக்கையிலும் ஒரு தவறு நிகழ்கிறது. எல் நினோ பற்றிய உலகச் செய்திகள் பெரும்பாலும் நடு பசிபிக் கடலின் வெப்பநிலையை, அதாவது நினோ 3.4 எனப்படும் பகுதியை வைத்தே பேசுகின்றன. 2017 தொடக்கத்தில் அந்தப் பகுதி இயல்பை ஒட்டியே இருந்தது. பெரு, எக்குவடோர் கரையை ஒட்டிய நினோ 1+2 பகுதியோ இயல்பைவிட 2 டிகிரிக்கும் மேல் சூடேறியிருந்தது. இப்படி நேரக்கூடும் என்பதால்தான் பெருவின் கண்காணிப்புக் குழு தன் கரைக்கெனத் தனிக் குறியீட்டை வைத்திருக்கிறது. உலகக் குறியீடு அமைதியாக இருக்கிறது என்பதால் கரையும் அமைதியாக இருக்கிறது என்று கொள்ள முடியாது.

2023இல் கரை மீண்டும் சூடேறியபோது, இமார்பே எனப்படும் பெருவின் கடல் ஆய்வு நிறுவனத்தின் கப்பல்கள் எதிரொலிக் கருவிகளால் நெத்திலிக் கூட்டங்களை அளந்து, மீன்களின் நீளத்தையும் பார்த்தன. கிடைத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை 12 சென்டிமீட்டருக்கும் குறைவான இளம் மீன்கள். சோதனையாகச் சில நாட்கள் மீன்பிடிக்க விட்டுப் பார்த்தும் நிலைமை மாறாததால், வடக்கு, நடுப் பகுதியின் அவ்வாண்டு முதல் மீன்பிடிப் பருவத்தை அரசு முற்றாக நிறுத்தியது. கப்பல்களும் மீன்தூள் ஆலைகளும் முடங்கிக் கிடந்தன. அக்டோபரில் தொடங்கிய இரண்டாம் பருவத்துக்குச் சுமார் 17 லட்சம் டன் மட்டுமே ஒதுக்கப்பட்டது. நீர் குளிர்ந்த பிறகு, 2024இன் முதல் பருவத்துக்கு ஒதுக்கிய 24 லட்சத்து 75 ஆயிரம் டன்னும் ஏறக்குறைய முழுவதுமாகப் பிடிபட்டது.